அம்மாப்பேட்டை மாடி அறையில் ஸ்பீக்கர் ஜோடிக்கு இடம் பிடித்த அனுபவம்

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் சித்தப்பா வீட்டு மாடி அறை தெற்கு வடக்காக 12 அடி, கிழக்கு மேற்காக 10 அடி. தளம் 10 அடி உயரம். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. மேற்குச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல், கிழக்குச் சுவரின் தெற்குப் பாதியில் கதவு. தென்மேற்கு மூலையில் ஸ்டீல் பீரோ வடக்குப் பார்த்து நிற்கிறது. அது குபேர மூலை. அந்தப் பீரோவை ஒரு இஞ்ச்கூட நகர்த்தக் கூடாது என்பது சித்தியின் முதல் நிபந்தனை. இந்த வேலையின் பாதி முடிவுகளை எடுத்தது அந்த நிபந்தனைதான்.

ஸ்பீக்கர்கள் 12 இஞ்ச் உயரமுள்ள சாதாரணப் புத்தக அலமாரி ரகம். தாழ்ந்த ஒலிக்கு 5 இஞ்ச் ஊஃபர், அதற்கு மேலே உச்சி ஒலிக்கு ஒரு ட்வீட்டர், பின்பக்கம் காற்றுத் துளை. தெற்குச் சுவரில் பதித்த சிமெண்ட் அலமாரியின் நடுத் தட்டில், பீரோவை ஒட்டி, இரண்டும் மூன்றடி இடைவெளியில் செருகி வைக்கப்பட்டிருந்தன. கட்டில் எதிரே, வடக்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. சித்தப்பா அதில் ஏறிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்பார்.

"பாட்டு நல்லாத்தான்டா கேக்குது. ஆனா பாடறவரு எங்க நிக்கறாருன்னே தெரியல. மிருதங்கம் தொப்பிப் பக்கம் மட்டும் குதிச்சு வந்து மூஞ்சில அடிக்குது" என்றார். இரண்டு குறைகளையும் அவர் சரியாகவே பிரித்துச் சொல்லிவிட்டார். முதலாவது மேடைத் தோற்றம். அதாவது, பாடகர் நடுவிலும் மற்ற வாத்தியங்கள் அவரவர் இடத்திலும் இருப்பதாகக் காதுக்குத் தெரிவது. இரண்டாவது, தாழ்ந்த சுரங்களில் சில மட்டும் வீங்குவது. இரண்டுக்கும் காரணம் இடம்தான். ஆம்ப்ளிஃபையரையோ ஸ்பீக்கரையோ மாற்றினாலும் இவை போகாது.

வேலையைச் சாயங்காலத்துக்கு மேல்தான் தொடங்க முடிந்தது. பகலில் பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் நுட்பமாக எதையும் ஒப்பிட முடியாது. தறி நின்ற பிறகு ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கேட்டோம். சேலத்து வெயில் காலத்தில் அதுவே ஒரு தவம்.

கையில் இருந்தவை ஒரு டேப், ஒரு நூல்கண்டு, தரையில் ஒட்ட மாஸ்கிங் டேப், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. போனில் இரண்டு செயலிகள்: ஒன்று நாம் சொல்லும் அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும், மற்றது ஒலியளவைக் காட்டும். இந்த இரண்டாவது செயலியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அது A-weighting என்ற அமைப்பில்தான் திறக்கும். அந்த அமைப்பு தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே குறைத்துக் காட்டும். 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல் வரை போய்விடும். C அல்லது Z என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றினாலும், போன் மைக்கே அடித்தள ஒலியைச் சரியாகப் பிடிக்காது. அதனால் 50 ஹெர்ட்ஸ் அளவையும் 200 ஹெர்ட்ஸ் அளவையும் பக்கத்தில் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரே அதிர்வெண்ணை அறையின் இரண்டு இடங்களில் அளந்து ஒப்பிடலாம். அதற்குப் போன் தாராளமாகப் போதும்.

முதலில் ஸ்பீக்கரைத் தொடவில்லை. உட்காரும் இடத்தைத்தான் பார்த்தோம். சின்ன அறையில் அடித்தள ஒலியை அதிகம் மாற்றுவது அதுதான்.

இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அதிர்வெண்கள் மட்டும் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, நிலையாக நின்றுவிடும். எந்த அதிர்வெண் என்று கண்டுபிடிக்க, ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுத்தால் போதும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,145 அடி போகிறது. 12 அடி நீளத்துக்கு 1,145-ஐ 24-ஆல் வகுத்தால் 48 ஹெர்ட்ஸ் வரும். அதன் இரட்டிப்பு 95. அப்படியே மும்மடங்கு, நான்மடங்கு என்று போகும். இந்த ஒலிகள் எல்லாம் சுவரை ஒட்டிய இடத்தில் உச்சத்தில் இருக்கும்.

சித்தப்பாவின் ஸ்பீக்கர் ஒரு சுவரோடு, காது எதிர்ச் சுவரோடு. இரண்டு முனையும் உச்சப் புள்ளியில். 5 இஞ்ச் ஊஃபருக்கு 48 ஹெர்ட்ஸில் பெரிதாகத் தெம்பு கிடையாது. 95-இல் நன்றாகவே உண்டு. அதனால் அந்த இடத்துக்கு அருகில் விழும் சுரங்கள் மட்டும் வீங்கின. பழைய சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் படியிறங்கி வரும்போது நடுவில் ஒரு சுரம் மட்டும் இரண்டு மடங்கு தடித்துக் கேட்டால், பக்கத்துச் சுரங்கள் ஒழுங்காக இருந்தால், அது இந்தக் கோளாறுதான் என்று சொல்லிவிடலாம். எல்லாச் சுரமும் சேர்ந்து தடித்தால் காரணம் வேறு. அலமாரிக்குள் செருகியது அல்லது டோன் கட்டுப்பாட்டை ஏற்றி வைத்தது போல ஏதாவது இருக்கும். இங்கே ஒரு சுரம் வீங்குவது, எல்லாம் தடிப்பது இரண்டுமே இருந்தன. சிமெண்ட் பெட்டிக்குள் பின்துளை அடைபட்டு நின்றதால் பொதுவாகவும் கொஞ்சம் குடம் போல ஒலித்தது.

95 ஹெர்ட்ஸை ஓடவிட்டுப் போனைக் கையில் பிடித்து, கட்டிலிலிருந்து அறையின் நடுவை நோக்கி மெல்ல நடந்தோம். சுவரை விட்டு மூன்றடி வந்ததும் ஒலி ஏறக்குறைய காணாமல் போனது. இன்னும் மூன்றடி வந்து அறையின் நட்டநடுவில் நின்றால் மறுபடியும் ஓங்கிவிட்டது. சித்தப்பா நம்பவில்லை. போனை வாங்கிக்கொண்டு தானே நடந்து பார்த்தார். "பாட்டு அங்கயேதான் பாடுது, நாமதான் உள்ள போயிட்டு வெளிய வர்றோம்" என்றார்.

நடு இடத்தின் கெடுதல் 95-ஓடு முடியவில்லை. 48-க்கு அங்கே எதுவுமே மிஞ்சாது. ஆகச் சுவரோடும் கூடாது, நடுவிலும் கூடாது. அறை நீளத்தில் 38 சதவீதத் தொலைவில் உட்காரலாம் என்று ஆடியோ ஆர்வலர்களிடம் ஒரு கணக்குண்டு. 12 அடிக்கு அது நாலரை அடி. அது வேதவாக்கு இல்லை. ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம். அங்கே 48, 95 இரண்டுமே ஓரளவு இருக்கும், எதுவும் உச்சத்தில் இருக்காது. எங்களுக்குக் கடைசி வரை அந்த நாலரை அடியே நின்றுவிட்டது.

அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டுக்கும் 57 ஹெர்ட்ஸ்தான் முதல் அதிர்வெண். இப்படி இரண்டு அளவு ஒத்துப்போவது நல்லதில்லை, ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்து கூடிவிடும். ஆனால் அகலத்தில் சரிபாதியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர்களையும் இரண்டு பக்கச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால் அகலத்துக்குரிய 57 காதுக்கு வராது. நடுக்கோட்டில் அதற்கு ஒலியே இல்லை. மேடைத் தோற்றத்துக்கும் அதே நடுக்கோடுதான் வேண்டும்.

இப்போது எந்தச் சுவர் என்ற கேள்வி. தெற்குச் சுவரில் ஸ்டாண்டு போட்டு வைத்தால் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பீரோ, மற்றதற்குப் பக்கத்தில் வெறும் இடம். வழுவழுப்பான ஸ்டீல் கதவு ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். ஒரு பக்கம் மட்டும் அப்படி நடந்தால் குரல் ஒருபோதும் நடுவில் நிற்காது. அதனால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டோம். ஸ்பீக்கர்கள் வடக்குச் சுவர்ப் பக்கம் வந்தன. கட்டில் தெற்குச் சுவரோடு, பீரோவுக்குப் பக்கத்தில் போனது. கட்டிலுக்கு முன்னால், காது தெற்குச் சுவரிலிருந்து அந்த நாலரை அடியில் இருக்கும்படி ஒரு பிரம்பு நாற்காலி. பீரோ இப்போது கேட்பவரின் முதுகுக்குப் பின்னால், இடது மூலையில். குபேரனுக்கும் தொந்தரவு இல்லை, எங்களுக்கும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தால் சித்தப்பாவின் காது தரையிலிருந்து 38 இஞ்ச். ட்வீட்டர் பெட்டியின் அடியிலிருந்து ஒன்பதரை இஞ்ச். ஆக ஸ்டாண்டு இருபத்தெட்டரை இஞ்ச் வேண்டும். வெல்டிங் பட்டறையில் சதுரப் பைப்பில் 28 இஞ்சுக்கு அடித்து வாங்கி, மேலே அரை இஞ்ச் ரப்பர் வைத்தோம். பைப்புக்குள் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்பியதும் தட்டினால் வந்த மணிச்சத்தம் போய்விட்டது. பாயில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் இந்த உயரம் பொருந்தாது. காது எங்கே இருக்கிறது என்று அளந்த பிறகுதான் பட்டறைக்குப் போக வேண்டும்.

அடுத்தது வடக்குச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது. இதில்தான் அதிக நேரம் போனது.

ஊஃபரின் தாழ்ந்த ஒலி முன்னால் மட்டும் போவதில்லை. பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய், சுவரில் பட்டுத் திரும்பி, தாமதமாகக் காதுக்கு வருகிறது. அந்தச் சுற்றுவழி நேர்வழியைவிட எத்தனை அடி கூடுதல் என்பதுதான் விஷயம். கூடுதல் தூரம் எந்த ஒலியின் அலைநீளத்தில் பாதியாக இருக்கிறதோ, அந்த ஒலியில் இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்து அழிந்துவிடும். அங்கே ஒரு குழி விழும்.

முதலில் பெட்டியின் முகம் சுவரிலிருந்து 2 அடி இருக்கும்படி வைத்தோம். 'ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது' என்ற பேச்சைப் பலரும் நம்புகிறார்கள். பெரிய கூடத்துக்கு அது பொருந்தலாம். இங்கே கூடுதல் தூரம் கணக்கிட்டால் 3.7 அடி. குழி 155 ஹெர்ட்ஸ் பக்கம் விழ வேண்டும். 100-லிருந்து 250 வரை மெதுவாக ஏற்றிக் கேட்டபோது அந்த இடத்தில் ஒலி பட்டென்று தளர்ந்தது. பாட்டில் அது எப்படித் தெரிந்தது என்றால், ஆண் குரலின் நெஞ்சுப் பகுதி போய், தொண்டைக்கு மேலே மட்டும் பாடுவது போல இருந்தது. மிருதங்கத்தின் வீக்கம் போனது, கூடவே அதன் உடம்பும் போனது.

ஒரு குழி உட்காரும் இடத்தால் வந்ததா, ஸ்பீக்கர் வைத்த இடத்தால் வந்ததா என்று பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அந்த அதிர்வெண்ணை ஓடவிட்டுத் தலையை முன்னும் பின்னும் ஓரடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒலி திரும்பி வந்துவிட்டால் நாற்காலியை நகர்த்தினால் போதும். தலையை எங்கே கொண்டுபோனாலும் குழி அப்படியே இருந்தால் அது ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள கணக்கு. ஸ்பீக்கரைத்தான் நகர்த்த வேண்டும். எங்கள் 155 தலையை ஆட்டியும் அசையவில்லை.

இரண்டு திசையில் தீர்க்கலாம். இன்னும் முன்னால் இழுத்தால் குழி கீழே இறங்கும். ஆனால் அதற்கு மூன்று, நான்கு அடி வேண்டும். 12 அடி அறையில் ஸ்பீக்கர் கேட்பவரின் மடியில் வந்து உட்கார்ந்துவிடும். பின்னால் தள்ளினால் குழி மேலே ஏறும். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் 6 இஞ்ச் மட்டும் விட்டோம். பெட்டி ஆழம் 10 இஞ்ச் என்பதால் முகம் சுவரிலிருந்து 16 இஞ்ச். கூடுதல் தூரம் இரண்டரை அடியாகக் குறைந்து, குழி 230 ஹெர்ட்ஸ் பக்கம் போனது. மேலே போகப் போக ஊஃபரின் ஒலி முன்பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். பின்னால் போய்த் திரும்புவது குறையும். அதனால் குழி இடம் மாறியதோடு, ஆழமும் குறைந்தது. சுவர் பக்கத்தில் இருப்பதால் அடித்தளத்துக்குக் கொஞ்சம் தெம்பும் கிடைத்தது. இந்தச் சின்ன ஊஃபருக்கு அது தேவைதான்.

இன்னும் நெருக்கிச் சுவரோடு ஒட்டினால் என்ன என்று சித்தப்பா கேட்டார். பின்துளை மூச்சுவிட இடம் வேண்டும். 2 இஞ்சுக்குத் தள்ளிப் பார்த்ததில் அலமாரிக்குள் இருந்த குடச்சத்தம் திரும்ப எட்டிப்பார்த்தது. 6 இஞ்சுக்கே வந்துவிட்டோம். துளை முன்பக்கம் இருக்கும் ரகம் அல்லது துளையே இல்லாத மூடிய பெட்டி என்றால் இன்னும் நெருக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே ஐந்தரை அடி விட்டோம். பக்கச் சுவரிலிருந்து ஒவ்வொன்றின் மையமும் இரண்டேகால் அடி. காதுக்கு 6 அடி 9 இஞ்ச். சமபக்க முக்கோணம் வைக்கச் சொல்வார்கள். எங்களுடையது அதைவிடக் கொஞ்சம் ஒடுங்கியது. இன்னும் விரித்தால் பக்கச் சுவர் நெருங்கிவிடும். இந்த அறைக்கு இது நியாயமான சமரசம்.

இங்கேதான் நூல்கண்டுக்கு வேலை. நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் ஒரு முனையைப் பிடித்து, இடது ட்வீட்டர் வரை இழுத்து முடிச்சுப் போட்டு, அதே நூலை வலது ட்வீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். முடிச்சு அங்கே சரியாகப் போய்த் தொட வேண்டும். அரை இஞ்ச் வித்தியாசத்தை விட்டுவிடலாம், இரண்டு இஞ்சை விடக் கூடாது. ஒலி ஓரடி போக ஒரு மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. அதனால் இரண்டு இஞ்ச் என்பது வெறும் 0.15 மில்லிநொடி. ஆனால் ஒரு ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிப்பதே இடது காதுக்கும் வலது காதுக்கும் உள்ள 0.6, 0.7 மில்லிநொடிக்குள் அடங்கிய வித்தியாசத்தை வைத்துத்தான். முன்னால் வரும் பக்கத்துக்குக் குரல் சாய்ந்துவிடும். முழுதாக ஒரு மில்லிநொடி முந்தினால் குரல் அந்த ஸ்பீக்கருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொன்னதும் சித்தப்பா, ஒயரும் இரண்டு பக்கம் ஒரே நீளம் இருக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம். ஒயரில் மின்சாரம் போகும் வேகத்துக்கு முன்னால் நாலடி, ஐந்தடி எல்லாம் கணக்கே இல்லை. மிச்சத்தைச் சுருட்டிப் பின்னால் போட்டுவிடலாம்.

சரி, நடு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பாட்டு சரியான உரைகல் இல்லை. பாட்டில் எதை எங்கே வைத்துக் கலந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் Accessibility பகுதியில் Mono audio என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஆகாசவாணி செய்தி போல ஒருவர் மட்டும் பேசும் எதையாவது ஓடவிட்டால், இரண்டு ஸ்பீக்கரும் ஒரே ஒலியைத் தரும். கண்ணை மூடினால் செய்தி வாசிப்பவர் இரண்டுக்கும் நட்டநடுவில், ஒரு தலை அகலத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே ஸ்பீக்கரே இல்லை, வெறும் சுவர்தான்.

எங்களுக்கு முதலில் அவர் எங்குமே இல்லை. இடதும் வலதும் பேசுவது போலவும், தலைக்குள் ஏதோ இழுப்பது போலவும் இருந்தது. இப்படி இருந்தால் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டுக்கு மாற்றும்போது கடையிலிருந்து வந்த பையன் ஒரு பக்கத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகியிருந்தான். ஒரு ஊஃபர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். நடு கலைந்துவிடும், அடித்தளமும் மெலிந்துவிடும். சந்தேகம் இருந்தால், மோனோ குரலை ஓடவிட்டு ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். மாற்றும் முன் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட வேண்டும். எந்த இணைப்பில் குரல் சுருங்கி நடுவில் கூடுகிறதோ, அடித்தளம் தடிக்கிறதோ அதுதான் சரி. ஒயரை மாற்றியதும் செய்தி வாசிப்பவர் வந்து அமர்ந்தார்.

அப்புறம் ஸ்பீக்கரை உள்பக்கமாகத் திருப்பும் கோணம். நேராகப் பார்த்தபடி விட்டால் மேடை விரியும், நடு மங்கும். மூக்குக்கு நேராகத் திருப்பினால் நடு கூர்மையாகும். ஆனால் ட்வீட்டர் நேரே காதில் அடிப்பதால் சில பதிவுகளில் ஜால்ரா உறுத்தும். இரண்டு ட்வீட்டரின் நேர்கோடும் தலைக்குப் பின்னால் ஓரடியில் சந்திக்கும்படி வைத்து ஆரம்பித்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கப் பலகையும் மெல்லிய கீற்றாகத் தெரிய வேண்டும். இரண்டிலும் கீற்று ஒரே அகலமா என்று பார்த்தாலே கோணம் ஒத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசியாகப் பக்கச் சுவர்கள். இந்த அறையில் கை தட்டினால் 'ட்ர்ர்' என்று ஒரு அதிர்வு மிஞ்சும். எதிரெதிர் வெறுஞ்சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுவதன் அடையாளம் அது. அதைவிட முக்கியம், ஸ்பீக்கரிலிருந்து பக்கச் சுவரில் பட்டு வரும் முதல் பிரதிபலிப்பு. நேர்வழியைவிட இரண்டேமுக்கால் அடி கூடுதலாக வந்து, இரண்டரை மில்லிநொடிக்குள் காதை அடைந்துவிடுகிறது. தனி எதிரொலியாகக் கேட்காது. குரலின் விளிம்பைத்தான் கலங்கடிக்கும்.

எந்த இடத்தில் படுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் கண்ணாடி. சித்தப்பா நாற்காலியில் உட்கார, நான் கண்ணாடியைச் சுவரோடு வைத்துக் காது உயரத்தில் நகர்த்தினேன். எங்கே அவருக்குக் கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிறதோ அதுதான் இடம். இரண்டு பக்கமும் வடக்குச் சுவரிலிருந்து மூன்றேகால் அடியில் விழுந்தது. கிழக்கே வெறும் சுவர். மேற்கே ஜன்னல் கண்ணாடி, அதன்மேல் மெல்லிய நைலான் திரை.

சித்தியிடம் 4 இஞ்ச் தடிமனில் இரண்டு இலவம் பஞ்சு மெத்தை இருந்தன. பருத்தி உறை. ரெக்ஸின் உறையாக இருந்தால் மேல் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும், பருத்தியில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றைக் கிழக்குச் சுவரில் நிறுத்தினோம். வலது பக்கம் தெளிந்தது. ஆனால் செய்தி வாசிப்பவர் இடது பக்கம், ஜன்னலை நோக்கிச் சாய்ந்துவிட்டார். வலப் பக்கப் பிரதிபலிப்பு அடங்கி, இடப் பக்கத்தது அப்படியே இருந்ததால் வந்த சாய்வு. இன்னொரு மெத்தையை ஜன்னலில் சாத்தலாம்தான். சேலத்தில் ஜன்னலை மெத்தையால் அடைத்துக்கொண்டு பாட்டு கேட்க யாராலும் முடியாது.

அதனால் எவ்வளவு ஒலியை அடக்குகிறோம் என்பதைவிட இரண்டு பக்கமும் சமமாக இருப்பதற்கு முன்னுரிமை கொடுத்தோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரைக்கம்பி, சுவரிலிருந்து 4 இஞ்ச் தள்ளி. அதில் ஒரே மாதிரியான இரண்டு தடித்த பவானி ஜமக்காளங்களை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டித் தட்டையாக ஆணியடித்தால் ஜமக்காளம் ட்வீட்டரின் உச்சி ஒலியை மட்டும்தான் விழுங்கும். மடிப்பும் இடைவெளியும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வரை வேலை செய்யும். மெத்தை அளவுக்கு வராது. ஆனால் குரல் நடுவுக்குத் திரும்பி வந்தது. கைதட்டலில் அதிர்வும் அடங்கியது. மெத்தைகள் வீண் போகவில்லை. இரண்டையும் கட்டிலின்மேல் நிமிர்த்தி, நாற்காலிக்குப் பின்னால் தெற்குச் சுவரில் சாய்த்தோம். பின்சுவரிலிருந்து வரும் கூச்சம் குறைந்தது. இவை எதுவும் 48-க்கோ 95-க்கோ ஒன்றும் செய்யாது. அந்த ஒலிகளின் அலைநீளம் 24 அடி, 12 அடி. 4 இஞ்ச் பஞ்சு அவற்றுக்கு இருப்பதே தெரியாது. அடித்தளத்தில் கிடைத்த முன்னேற்றம் முழுக்க நாற்காலியையும் ஸ்பீக்கரையும் நகர்த்தியதால் வந்ததுதான்.

ஒலியை மெல்ல ஏற்றிப் பார்த்தபோது 110 ஹெர்ட்ஸ் சுற்றி எங்கோ 'ஜிர்ர்' என்றது. ஊஃபர் கிழிந்துவிட்டதோ என்று சித்தப்பா பயந்துபோனார். அப்படிச் சந்தேகம் வந்தால் ஒலியை ஓடவிட்டு, அறையில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பீரோக் கதவில் பதித்த கண்ணாடியை அழுத்தியதும் நின்றது. சைக்கிள் ட்யூபில் இரண்டு துண்டு நறுக்கிக் கண்ணாடியின் விளிம்புக்குள் செருகினோம். பீரோ நகரவில்லை, சித்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறு பக்கம். நாற்காலிக்கு வெளியே இது கிடைக்காது. கட்டிலின் வலது ஓரத்தில் உட்காரும் சித்திக்குப் பாடகர் வலது ஸ்பீக்கருக்குள்தான் இருக்கிறார். இரண்டு ஸ்பீக்கர் வைத்து 10 அடி அறையில் இரண்டு பேருக்கும் ஒரே மேடையைக் காட்ட முடியாது. சித்திக்காகக் கோணத்தை இன்னும் உள்ளே திருப்பிப் பார்த்ததில் கொஞ்சம் நகர்ந்தது, ஆனால் சித்தப்பாவுக்கு ஜால்ரா உறுத்தியதால் பழையபடியே வைத்துவிட்டோம்.

தரையில் ஒட்டிய மாஸ்கிங் டேப் மாப் போடும்போது உரிந்து வந்துவிடுகிறது. பெருக்குவதற்காக ஸ்டாண்டை நகர்த்தினால் திரும்ப நூல் பிடித்து அளக்க வேண்டியிருக்கும். அதனால் ஸ்டாண்டு மூலைகளும் நாற்காலிக் கால்களும் நிற்கும் இடங்களில் டைல்ஸ் மேல் நெயில் பாலிஷ் பொட்டு வைத்துவிட்டோம்.